சலவைக்கல்லா, வார்ப்பா? எடையும் குளிர்ச்சியும் உளித்தடமும் சொல்வது

கொங்கு நாட்டில் சிலை என்றால் பெரும்பாலும் கருங்கல்தான். திருமுருகன்பூண்டிச் சிற்பக் கூடங்களில் உளி ஓசை கேட்டு வளர்ந்தவர்களுக்குக்கூட சலவைக்கல் அவ்வளவு பழக்கமில்லை. பழைய மில் முதலாளிகளின் பங்களாக்களிலிருந்தும் நீலகிரியின் எஸ்டேட் வீடுகளிலிருந்தும் வந்தவை என்று சொல்லி விற்கப்படும் வெள்ளைச் சிலைகளில் நம்மவர்கள் எளிதில் ஏமாறுவதற்கு இந்தப் பழக்கமின்மையே காரணம் என்பது, பழம்பொருள்களை மதிப்பிடும் தொழிலில் நான் கண்டது.

"தூக்கிப் பாருங்ணா, கல்லுதானுங்" என்று விற்பவர் சொல்லும்போது அந்தக் கனம் பொய்யில்லை. இன்றைய போலிகள் ரெசின் என்னும் செயற்கைப் பிசினில் மட்டும் செய்யப்படுவதில்லை. சலவைக்கல் தூளை ரெசினில் குழைத்து அச்சில் ஊற்றுகிறார்கள், அல்லது உள்ளே கூடாக வார்த்து அந்தக் கூட்டில் சிமென்டை நிரப்புகிறார்கள். ஆகவே கையில் தெரியும் பாரத்தை விட்டுவிட்டு, எடைக்கும் கன அளவுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரின் இடத்தை அடைக்கும் சலவைக்கல் சுமார் 2.7 கிலோ இருக்கும். சிமென்டு வார்ப்பு பெரும்பாலும் 2.1 முதல் 2.3 கிலோ வரை இருக்கும். தூள் கலந்த ரெசின், கலவையைப் பொறுத்து அதைவிடக் குறையும். வெறும் ரெசின் ஒரு கிலோவுக்குச் சற்றே மேல்.

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு குடும்பத்தார் வாங்கவிருந்த பெண்ணின் மார்பளவுச் சிலையை இவ்வாறுதான் பார்த்தோம். தொங்கு தராசில் அது 7.2 கிலோ காட்டியது. அடியும் பக்கமும் தொடாதபடி தண்ணீர் நிரம்பிய அண்டாவில் முழுவதும் அமிழ்த்தித் தொங்கவிட்டபோது 3.2 கிலோ. குறைந்த நான்கு கிலோவே சிலை விலக்கிய நான்கு லிட்டர் தண்ணீர். 7.2-ஐ 4-ஆல் வகுத்தால் 1.8. அதே அளவில் திடமான சலவைக்கல்லாக இருந்திருந்தால் பதினோரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருந்திருக்கும். வர்ணமோ பொன்முலாமோ பூசிய சிலையையும், ஒட்டு வேலையோ உள்ளே இரும்புக் கம்பியோ உள்ள சிலையையும் தண்ணீரில் இறக்கக் கூடாது.

குளிர்ச்சியைப் பொறுத்தவரை நம் ஊர் வெயிலை மறந்துவிடக் கூடாது. கல் தானாகக் குளிர்ந்திருப்பதில்லை; உள்ளங்கையின் சூட்டை வேகமாக உறிஞ்சிக்கொள்வதால்தான் ஜில்லென்று தெரிகிறது. சித்திரை மதியத்தில் அறையின் வெப்பம் உடல் சூட்டை நெருங்கும்போது உண்மையான சலவைக்கல்லும் குளிராது. அதனால் இரவெல்லாம் ஒரே அறையில் ஒரு தரைச் சலவைக்கல் துண்டையும் சிலையையும் வைத்திருந்து, விடியற்காலையில் இரண்டின் மீதும் ஒவ்வோர் உள்ளங்கையை அரை நிமிடம் அழுத்திப் பார்க்க வேண்டும். ரெசின் விரைவில் கைச்சூட்டுக்கு வந்துவிடும், கல்லோ தொடர்ந்து குளிரும். ஆனால் சிமென்டும் ஓரளவு குளிர்வதால், இந்தச் சோதனையை வைத்து ரெசினைப் பிரிக்கலாமே தவிர சிமென்டு வார்ப்பைப் பிரிப்பது கடினம்.

மிச்சமுள்ள சந்தேகத்தைத் தீர்ப்பது உளித்தடம். முகத்தைப் பார்க்க வேண்டாம், அது எப்படியும் மெருகேற்றப்பட்டிருக்கும். முதுகையும் அடிப்பாகத்தையும் கூந்தல் மடிப்பின் ஆழத்தையும் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். பல் உளி ஓடிய இடத்தில் இணையான கோடுகள் தெரியும், அடுத்த கோணத்தில் விழுந்த கோடுகள் அவற்றை வெட்டிச் செல்லும். கூர் உளி பட்ட குழியின் அடியில் கல்லின் மணிகள் நசுங்கி வெளுத்திருக்கும். சுற்றியுள்ள பரப்பில் விளக்கை அசைக்க அசைக்கச் சர்க்கரைப் பொடி போலச் சிறு மணிகள் மின்னும். அச்சு உளிக்கோட்டையும் நகல் எடுத்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் கோட்டின் விளிம்பு மழுங்கியிருக்கும், அந்த மின்னலும் இருக்காது. கோபிச் சிலையின் கூந்தல் பள்ளங்களில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது ஊசிமுனை அளவான காற்றுக்குமிழிகள் வரிசையாகத் தெரிந்தன. காதின் பின்னால் அச்சின் இணைப்பு விளிம்பைத் தேய்த்து மறைத்த தடமும் இருந்தது. உளியால் செதுக்கிய கல்லில் இப்படிக் குமிழி வர வழியே இல்லை.

இங்கே பலர் வினிகர் சொட்டு விட்டு, நுரைத்தால் சலவைக்கல் என்று முடிவு செய்கிறார்கள். போலியிலும் சலவைக்கல் தூள்தானே இருக்கிறது, சுரண்டிய இடத்தில் அதுவும் நுரைக்கும். உண்மையான சிலையாக இருந்துவிட்டாலோ மெருகு போய் நிரந்தரக் கறை விழும். பழுக்கக் காய்ச்சிய ஊசியைக் குத்துவதும் அவ்வாறே, சிலையைக் கெடுத்துத்தான் பதில் சொல்லும்.

மூன்று சோதனையிலும் தேறிய சிலை செதுக்கிய சலவைக்கல் என்பது உறுதியாகும். அது பழையது என்பது உறுதியாகாது. போன ஆண்டு செதுக்கிய சிலையும் 2.7 காட்டும், விடியலில் குளிரும். மடிப்புகளின் ஆழத்தில் கிரைண்டர் வட்டின் வளைந்த கீறல்களோ, இயந்திரம் சீரான இடைவெளியில் விட்ட மெல்லிய வரிகளோ இருந்தால் அதை நான் பழைய வேலை என்று எழுதித் தருவதில்லை.