சிவந்த கறைக்குப் பிளீச் ஊற்றாதீர்கள்

கடந்த வாரம் ஒருவர் என் கடைக்கு ஒரு பட்டு வேட்டி கொண்டுவந்தார். மகனின் கலியாணத்துக்கு எடுத்தது. மடிப்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு மஞ்சளித்து, நடுவில் துணி அரித்து, விரல் போகிற அளவு ஓட்டை. சாம்பார் சிந்தியதாம். சவர்க்காரம் போட்டதும் கறை சிவந்துவிட்டதாம், பயந்துபோய்ப் பிளீச் ஊற்றினாராம். இந்த மாதத்தில் இது மூன்றாவது. வெள்ளவத்தையில் இத்தனை வருடமாக உலர்சலவைக் கடை வைத்திருக்கிறேன், அரித்த பட்டைத் திருப்பித் தர எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அதே வாரம் இன்னொரு அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அதே வெண்பட்டு நிறம், அதே சரிகைக் கரை, அதே சிவப்பு. "தம்பி, இரத்தம் மாதிரி இருக்கு, போகுமா?" என்று கேட்டார்.

படத்தில் முதலில் நான் பார்த்தது கறையின் வடிவத்தை. பெரிய திட்டு ஒன்று, அதைச் சுற்றிச் சிறு சொட்டுகள். மேலிருந்து விழுந்து தெறித்தது அது. துணியின் உட்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். உள்ளே கறை சிறிதாகவும் மங்கலாகவும் இருந்தது. உடம்பிலிருந்து ஊறிய வியர்வையோ இரத்தமோ என்றால் உட்பக்கம்தான் பெரிதாக இருக்கும். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "கழுவ முன்னமே சிவப்பா, கழுவின பிறகா?" கழுவிய பிறகுதான் என்றார். அவ்வளவுதான், மஞ்சள்.

இதைப் பலர் நம்புவதில்லை என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். மஞ்சளின் நிறப்பொருள் காரத்தில் சிவக்கும். சவர்க்காரக் கட்டியும் சலவைத்தூளும் காரம். கறை சிவந்ததால் துணி கெட்டுவிட்டது என்றோ, கறை இன்னும் ஆழமாகப் பிடித்துவிட்டது என்றோ அர்த்தமில்லை. ஒரு கரண்டி வினாகிரியை நாலு கரண்டி தண்ணீரில் கலந்து, பஞ்சால் ஒரு ஓரத்தில் ஒற்றிப் பாருங்கள். மீண்டும் மஞ்சளாகிவிடும். கறை போகவில்லை, நிறம் மட்டும் திரும்பியிருக்கிறது. ஆனால் அது மஞ்சள்தான் என்பது உறுதி. சரிகையில் மட்டும் படவிடாதீர்கள், கறுத்துவிடும். ஏற்கெனவே பிளீச் போட்டிருந்தால் வினாகிரி, தேசிக்காய் எதையும் கிட்டக் கொண்டுபோகவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூச்சை அடைக்கும்.

கறை எதுவென்று தெரிந்துவிட்டது. துணி எது? அதைப் படம் சொல்லாது. "கடையில பட்டு என்றுதான் தந்தவை" என்ற அக்காவிடம், உள்மடிப்பிலிருந்து நெடுக்கு நூல் ஒன்றும் குறுக்கு நூல் ஒன்றும் உருவி, இடுக்கியால் பிடித்து, சிங்கின் மேல் கொளுத்திப் பார்க்கச் சொன்னேன். ஒரு நூல் மட்டும் போதாது. பாவு ஒன்றாகவும் ஊடு வேறாகவும் நெய்த துணிகள் நிறைய வருகின்றன. தலைமயிர் கருகும் மணமும் நசுக்கினால் பொடியாகும் சாம்பலும் வந்தால் பட்டு. கடதாசி எரியும் மணம் வந்தால் பருத்தி. அக்காவின் இரண்டு நூலும் உருகி, கறுப்பாய்க் கெட்டியான உருண்டையாகின. பொலியெஸ்டர். அக்காவுக்கு மனவருத்தம்தான், ஆனால் வேட்டி பிழைத்தது.

எண்ணெய் போக, பாத்திரம் கழுவும் திரவத்தை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கலந்து கால் மணித்தியாலம் ஊறவைத்து, தேய்க்காமல் அலசச் சொன்னேன். பிறகு சரிகையை மடித்து மூடிவிட்டு, கறையை ஈரத்தோடு வெயிலில் காயவிடச் சொன்னேன். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் அழியும். காய்ந்ததும் மறுபடி நனைத்து மறுபடி வெயில். மூன்றாம் நாள் வந்த படத்தில் கறை இருந்த இடத்தை நானே தேட வேண்டியிருந்தது. வெள்ளைப் பருத்திக்கும் இதே வழிதான். சாயத்துணி என்றால் வெயிலில் துணியின் நிறமும் சேர்ந்து வெளுக்கலாம், கவனம்.

உண்மைப் பட்டுக்கு இது சரிவராது. வெயில் பட்டை மஞ்சளிக்க வைக்கும், நூலைப் பலவீனமாக்கும். பிளீச் பட்டின் புரதத்தையே கரைத்துவிடும். முதலில் சொன்ன வேட்டிக்கு நடந்தது அதுதான். பட்டில் குழம்பு விழுந்தால் ஒற்றி எடுங்கள், எண்ணெயை உறிஞ்ச முகப்பவுடர் தூவித் தட்டிவிடுங்கள், பிறகு கை வைக்காதீர்கள். இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். சூடு பட்டால் கறை இறுகிவிடும். ஓரிரு நாளுக்குள் கொண்டுவாருங்கள். வீட்டில் என்ன போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், நான் ஏசமாட்டேன். தெரியாமல் நான் ஒன்றைப் போட்டால்தான் துணி போகும்.

படம் அனுப்புவதாக இருந்தால் பகலில், ஜன்னலோரம், பிளாஷ் இல்லாமல் எடுங்கள். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் குழம்பும் துருவும் தேநீரும் ஒரே நிறமாகத் தெரிகின்றன. முழு உடுப்பு ஒன்று, கறை கிட்டத்தில் ஒன்று, உட்பக்கம் ஒன்று. தயவுசெய்து, பிளீச் போத்தலைத் திறக்க முன்னம் அனுப்புங்கள்.