பத்திரம் மெலியட்டும், மெய்ப்புள்ளி மறைய வேண்டாம்

வாசகர் ஒருவர் கேட்கிறார்: 24 பக்க நிலப் பத்திரத்தை ஸ்கேன் செய்தால் 36 எம்பி வருகிறது, ஜிமெயிலோ 25-க்கு மேல் ஏற்காது. சுருக்கினால் எழுத்து மங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?

ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் இருப்பது எழுத்து இல்லை, எழுத்தின் படம். 800 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பு கூர்மையாகவே நின்றால் அது நிஜ எழுத்து, இந்த வைத்தியம் அதற்கு வேண்டாம். ஏ4 தாளை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம், ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 87 லட்சம் பிக்சல். சுருக்கும் செயலிகள் பெரும்பாலும் இந்த எண்ணிக்கையில்தான் கைவைக்கின்றன. 72 டிபிஐக்கு இறக்கினால் 10 பாயின்ட் எழுத்துக்கு மொத்த உயரமே 10 பிக்சல். 'க்' என்பதன் தலையில் உள்ள புள்ளிக்கு ஒரு பிக்சல் கிடைத்தால் பெரிது, அதுவும் சாம்பல் நிறத்தில்.

பிக்சலை விட்டுவிட்டு நிறத்தைக் குறையுங்கள். கலரில் ஒரு பிக்சலுக்கு 24 பிட், கறுப்பு வெள்ளையில் ஒரே பிட். அதையும் சுருக்க ஃபேக்ஸ் காலத்தில், 1984-ல், வகுத்த குரூப் 4 என்ற முறை இருக்கிறது. எனக்கு அதில் தனிப் பிரியம். அது எந்தப் பிக்சல் வரியையும் முதலிலிருந்து எழுதாது. மேல் வரியோடு ஒப்பிட்டு, நிறம் மாறும் இடம் நகர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். நகரவில்லையா? ஒரு பிட்டோடு வேலை முடிந்தது. 'ப'வின் நேரான இடது காலுக்கு இரண்டு விளிம்பு, ஆக வரிக்கு இரண்டு பிட். வெற்று வரிக்கு ஒரு பிட். 3508 வரியுள்ள வெற்று ஏ4 பக்கம் 450 பைட்டுக்குள் அடங்கிவிடும்! இந்தச் சுருக்கலில் ஒரு பிக்சல்கூடத் தொலையாது.

இமேஜ்மேஜிக், கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இரண்டு இலவச மென்பொருள்களும் கணினியில் இருந்தால், கட்டளைச் சாளரத்தில் இதை இடுங்கள்:

```
magick -density 300 in.pdf -alpha remove -alpha off -colorspace Gray -threshold 60% -compress Group4 out.pdf
```

பெரும்பாலும் பக்கத்துக்கு 100 கேபிக்குள் வரும். முகம் தெரியாத தளத்தில் பத்திரத்தை ஏற்றிச் சுருக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

60% என்பது கறுப்பையும் வெள்ளையையும் பிரிக்கும் கோடு. பழுப்பேறிய தாளில் மிளகு தூவியது போலக் கரும்புள்ளிகள் வந்தால் 50-க்கு இறக்குங்கள். ஒவ்வொரு கரும்புள்ளியும் புது விளிம்பு என்பதால், அவை கூடக்கூடக் கோப்பும் வீங்கும். மங்கிய மை காணாமல் போனால் 70-க்கு ஏற்றுங்கள். புகைப்படம் ஒட்டிய பக்கத்தை மட்டும் கலரிலேயே விட்டுவிடுங்கள், இந்த முறை முகத்தை மைக்கறையாக்கிவிடும்.

ஜேபிக் 2 என்றொரு முறை இன்னும் சிறிதாக்கும். ஆனால் அதன் இழப்புள்ள வகை, ஒன்றுபோலத் தெரியும் எழுத்துகளுக்கு ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டும். 2013-ல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர், ஜெராக்ஸ் இயந்திரங்கள் ஸ்கேன் செய்த தாள்களில் 6 என்ற எண் 8 ஆகியிருந்ததைக் காட்டினார். மங்கலே இல்லாத, பளிச்சென்ற 8. சர்வே எண் உள்ள பத்திரத்தில் அந்த முறையைத் தொடாதீர்கள்.