சிரட்டை கவிழ்ப்போம், நுளம்பைத் தவிர்ப்போம்: கடைசிச் சொல் ஏன் மாறுவதில்லை?

மாரி வந்தால் யாழ்ப்பாணத்தில் டெங்குப் பேச்சும் வந்துவிடும். கோண்டாவிலிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "பிள்ளைகளுக்கு ஒரு சுலோகம் எழுதவேண்டும். சில வரிகள் மட்டும் மனதில் ஒட்டிக்கொள்வது ஏன்?"

கேட்ட சொற்களை மூளை உள்ளுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் சற்று நேரம் வைத்திருக்கிறது. அங்கே கொள்வது ஏறக்குறைய 2 விநாடியில் சொல்லக்கூடிய அளவுதான் என்று உளவியலாளர் ஆலன் பாட்லியும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் 1975இல் காட்டினார்கள். "நீர் தேங்கும் கொள்கலன்களை அகற்றி நுளம்புப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவோம்" என்ற வரி அதற்குள் அடங்காது. "சிரட்டை கவிழ்ப்போம், நுளம்பைத் தவிர்ப்போம்" அடங்கிவிடும். நாலு சீரும் நிரை நேர், அதாவது புளிமா. ஒரு சொல்லை விட்டால் தாளம் தப்பும். பிள்ளைக்கே விட்டது தெரிந்துவிடும்.

சரி, ஒரு கிழமை கழித்துக் கடைசிச் சொல் எப்படித் திரும்பி வருகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நுளம்பை ஒழிப்போம், அழிப்போம், தடுப்போம் எல்லாமே பொருளுக்குச் சரி. அவையும் நிரை நேர்தான், ஆகவே தாளத்துக்கும் சரி. எல்லாம் "ப்போம்" என்றே முடிவதால் இயைபும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உதவாது. தமிழில் வினைமுற்றுகள் தாமாகவே ஒத்து ஒலிக்கும். அதனால் கடைசி ஒலி மட்டும் பெரிய துப்பு ஆகாது. தேர்ந்தெடுப்பது எதுகை. "கவிழ்ப்போம்" என்பதில் இரண்டாம் எழுத்து "வி". அந்த "வி"யோடு பொருந்துவது "தவிர்ப்போம்" மட்டுமே. பொருள் சில சொற்களைக் காட்டும், ஒலி வேறு சிலவற்றைக் காட்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரே சொல்தான் மிஞ்சும். டேவிட் ரூபின், வாண்டா வாலஸ் என்ற ஆய்வாளர்கள் 1989இல் இதைச் சோதித்தார்கள். பொருள் துப்பு மட்டும் கொடுத்தாலோ ஒலித் துப்பு மட்டும் கொடுத்தாலோ அரிதாகவே வந்த சொற்கள், இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததும் ஏறக்குறைய தவறாமல் வந்தன.

இதை வகுப்பிலேயே சோதிக்கலாம். ஒரு பிரிவுக்கு இந்த வரி, இன்னொன்றுக்கு "தவிர்ப்போம்" இடத்தில் "தடுப்போம்". அடுத்த கிழமை கடைசிச் சொல்லை மறைத்துவிட்டுக் கேளுங்கள். இரண்டாம் பிரிவில் மட்டும் பதில்கள் சிதறினால் எதுகை வேலை செய்கிறது என்று அர்த்தம். சுவரொட்டிக்குச் செலவழிப்பவர்கள் அச்சடிக்க முன்னர் இந்தச் சின்னச் சோதனைக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஓர் ஆபத்தும் உண்டு. ஒலி ஒத்த வாசகத்தை மக்கள் கூடுதல் உண்மையாக எண்ணுகிறார்கள் என்று 2000ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. எதுகையோடு வரும் பொய் வைத்தியமும் இதே வழியில் நம்பப்படலாம்.

அப்புறம், திரும்பச் சொல்வது. ஒரே நாளில் பத்துத் தடவை கத்துவதைவிட இடைவெளி விட்டுச் சொல்வது நன்றாகப் பதியும். டெங்கு நுளம்பின் முட்டை பறக்கும் நுளம்பாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் எடுக்கும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை பள்ளி விடும்போது சொல்லவையுங்கள். சிரட்டையைச் சொன்னால் பிள்ளை சிரட்டையைத்தான் தேடும். பழைய டயருக்கும் பூச்சாடித் தட்டுக்கும் தனித்தனி வரி வேண்டும்.