கால் வீக்கத்துக்குக் காரணம் நுரையீரலாகவும் இருக்கலாம்

சென்ற ஐப்பசியில், தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 58 வயதுப் பெண் ஒருவரை அவருடைய மருமகள் என்னிடம் அழைத்து வந்தார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். அவருடைய இரண்டு கால்களும் முழங்கால் வரை வீங்கியிருந்தன. கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தி எடுத்தால் குழி நெடுநேரம் மறையாமல் நின்றது. மருமகள் துணிப்பையிலிருந்து ஆறு மாதத்து அறிக்கைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். "அத்தைக்குக் கிட்னி நல்லா இருக்காம், எக்கோ எடுத்துப் பார்த்துட்டு இதயத்துலயும் ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. அப்புறம் ஏன் டாக்டர் கால் இப்படி வீங்குது?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. ஆனால் அந்தப் பெண் உட்கார்ந்திருந்த விதத்திலேயே பாதி விடை இருந்தது. இரு கைகளையும் தொடைமேல் ஊன்றி, முன்பக்கம் சாய்ந்து, உதடுகளைக் குவித்து மூச்சை மெல்ல வெளியே விட்டுக்கொண்டிருந்தார். உதடுகளில் நீலம் ஓடியிருந்தது. விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டியபோது, நடக்காமல் உட்கார்ந்திருந்த நிலையிலேயே அது 83 விழுக்காடு காட்டியது. பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை; ஆனால் திருமணமாகி வந்த நாளிலிருந்து ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஜன்னல் இல்லாத சமையலறையில் விறகும் பருத்திமாரும் எரித்துச் சமைத்திருக்கிறார். பல ஆண்டுகளாகச் சளியோடு கூடிய இருமல் உண்டு. ஒவ்வொரு பனிக்காலத்திலும் 'வீசிங்' என்று ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பியதோடு சரி. மூச்சுத்திறன் சோதனை ஒரு முறையும் செய்யப்பட்டதில்லை. அதைச் செய்தபோது, நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் முற்றிய நிலையில் இருப்பது தெரிந்தது.

விறகுப்புகைக்கும் வலப்பக்க இதயத்துக்கும் உள்ள உறவு நம் நாட்டில் நெடுங்காலமாக அறியப்பட்ட ஒன்று. டில்லியில் பணியாற்றிய இதயநோய் மருத்துவர் எஸ். பத்மாவதி, நுரையீரல் நோயால் வரும் இதய நோயைப் பற்றி 1950களிலேயே ஆராய்ந்து எழுதினார். புகைப்பழக்கம் மிகக் குறைவாக இருந்த பெண்களிடமும் அந்நோய் பரவலாக இருப்பதைக் கண்டு, அடுப்பங்கரைப் புகையின்மீது அவர் கவனத்தைத் திருப்பினார். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும், பெண்களுக்குக் கால் வீங்கினால் சிறுநீரகத்தையும் இரத்தசோகையையும் தேடும் நாம், அவர்கள் எந்த அடுப்பில் சமைத்தார்கள் என்று கேட்க மறந்துவிடுகிறோம் என்பது எனக்கு உண்மையாகவே வேதனை தருகிறது.

இனி, இதயத்தில் ஒன்றும் இல்லை என்று சொன்ன அந்த எக்கோ அறிக்கைக்கு வருவோம். அதன் தலைப்பகுதியில், இதயத்தின் இரத்தம் வெளியேற்றும் திறன் 60 விழுக்காடு என்று இருந்தது. அது சரியான அளவுதான். ஆனால் அது இடது கீழறையின் அளவு மட்டுமே. உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளும் இடது அறையைப் பற்றியே அந்த எண் பேசுகிறது. நுரையீரலுக்கு இரத்தம் அனுப்பும் வலது அறையைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. அதே அறிக்கையின் கடைசி வரிகளில், வலது கீழறை விரிந்திருப்பதும், மூவிதழ் வால்வு வழியே பின்னோக்கிக் கசியும் இரத்தத்தின் வேகம் நொடிக்கு 3.4 மீட்டராக இருப்பதும் பதிவாகியிருந்தன. இந்த வேகத்தை அதனாலேயே பெருக்கி, பின் நான்கால் பெருக்கினால் ஏறத்தாழ 46 வரும். அதனோடு வலது மேலறையின் அழுத்தமாக 10ஐக் கூட்டினால் 56 மில்லிமீட்டர் பாதரசம். இயல்பாக 30ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டிய அளவு இது. எவர் கண்ணிலும் படாமல் போன விடை அங்கேதான் இருந்தது.

வலது கீழறையின் சுவர் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் தடிமன்தான்; இடது அறையின் சுவர் ஏறத்தாழ அதைப்போல் இரு மடங்கு. வலது அறைக்கு வலுவான தசை தேவைப்படாததற்குக் காரணம், நுரையீரலின் இரத்தநாளங்கள் இயல்பாக மிகவும் தளர்ந்தவை. கையில் நாம் அளக்கும் இரத்த அழுத்தத்தின் சராசரி 90ஐ ஒட்டி இருக்கும்போது, நுரையீரல் தமனியின் சராசரி 14 அளவில்தான் இருக்கும். அது 20ஐத் தாண்டினாலே நுரையீரல் உயர் அழுத்தம் என்கிறோம்.

இந்தத் தளர்ந்த நாளங்கள் ஏன் இறுகுகின்றன? உடலின் மற்ற இடங்களில் ஆக்ஸிஜன் குறைந்தால், அதிக இரத்தம் வந்து சேரட்டும் என்று நாளங்கள் விரியும். நுரையீரலில் மட்டும் அது நேர்மாறாக நடக்கிறது; காற்று சரியாகப் போகாத பகுதிக்குச் செல்லும் சிறு தமனி சுருங்கி, இரத்தத்தைக் காற்றோட்டமுள்ள பகுதிக்குத் திருப்பிவிடுகிறது. ஃபான் ஆய்லர், லில்யெஸ்ட்ராண்ட் என்ற இரு அறிஞர்கள் பூனைகளில் இதைக் கண்டு 1946இல் வெளியிட்டார்கள். நிமோனியாவைப் போல ஒரு மூலையில் மட்டும் கோளாறு இருக்கும்போது இது பெரும் பாதுகாப்பு. ஆனால் 40 ஆண்டுப் புகையால் இரு நுரையீரல்களும் முழுவதுமாகப் பழுதாகி, எங்கும் ஆக்ஸிஜன் குறைந்திருக்கும்போது, எல்லா மதகுகளும் ஒரே நேரத்தில் பாதி மூடியதுபோல் ஆகிவிடுகிறது. இரத்தத்தைத் திருப்பிவிட நல்ல பகுதி என்று ஒன்று மிஞ்சுவதில்லை. ஆண்டுக்கணக்கில் சுருங்கியே இருக்கும் நாளங்களின் சுவர் தடித்துப்போகிறது. காற்றறைகள் சிதையும்போது அவற்றைச் சுற்றியிருந்த நுண்நாளங்களும் அவற்றோடு அழிகின்றன.

இதற்கு எதிராகத் தள்ளித் தள்ளி வலது அறை முதலில் தடிக்கிறது, பிறகு விரிந்து தளர்கிறது. நுரையீரல் நோயால் வலப்பக்க இதயத்துக்கு நேரும் இந்த மாற்றத்தைத்தான் மருத்துவர்கள் கார் பல்மனேல் என்று எழுதுகிறார்கள். தள்ள முடியாத இரத்தம் பின்னால் தேங்குவதால் கழுத்து இரத்தநாளம் புடைக்கிறது, கல்லீரல் வீங்கி வலது விலாவுக்கு அடியில் வலிக்கிறது, கால்களில் நீர் கோக்கிறது. எல்லா வீக்கமும் இந்தத் தேக்கத்தால் மட்டும் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: இரத்தத்தில் கரியமில வாயு கூடும்போது சிறுநீரகம் உப்பை வெளியேற்றாமல் பிடித்துவைப்பதும் இதற்குத் துணைபோகிறது.

இன்னொரு தடயமும் அந்தப் பையில் இருந்தது. அவருடைய ஹீமோகுளோபின் 17.4. நம் ஊரில் அந்த வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு இருந்தால் வீட்டார் மகிழ்வார்கள், இவர்களும் மகிழ்ந்திருந்தார்கள். ஆனால் ஆக்ஸிஜன் பற்றாக்குறையை ஈடுகட்ட உடல் சிவப்பணுக்களைப் பெருக்கியதன் விளைவு அது. கெட்டியான இரத்தத்தைத் தள்ள வேண்டியதும் அதே வலது அறைதான்.

மணிக்கட்டுத் தமனியிலிருந்து எடுத்த இரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் 48, கரியமில வாயு 52. உடல் நிலைபெற்ற காலத்தில் ஓய்வு நிலையில் ஆக்ஸிஜன் அழுத்தம் 55 அல்லது அதற்குக் கீழே இருந்தால், வீட்டில் நெடுங்கால ஆக்ஸிஜன் சிகிச்சை தேவை; வலப்பக்க இதயம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 60க்குக் கீழ் இருந்தாலே போதும். அமெரிக்காவில் 1980இலும் பிரிட்டனில் 1981இலும் வெளியான இரு ஆய்வுகள், நாளில் 15 மணி நேரம் அல்லது அதற்கு மேல் ஆக்ஸிஜன் எடுத்தவர்கள் கூடுதல் காலம் உயிர் வாழ்ந்ததைக் காட்டின. மூச்சு வாங்கும்போது மட்டும் பத்து நிமிடம் வைத்துக்கொள்வதால் அந்தப் பலன் கிடைக்காது. நாளங்கள் இறுகாமல் இருக்க, நோயாளிக்குச் சிரமம் தெரியாத நேரத்திலும், குறிப்பாக இரவெல்லாம், ஆக்ஸிஜன் வேண்டும்.

அளவிலும் கவனம் தேவை. கரியமில வாயு ஏற்கெனவே தேங்கியிருப்பவருக்கு, எண் 98ஐத் தொட வேண்டும் என்ற ஆசையில் ஆக்ஸிஜனைத் திறந்துவிட்டால், அந்த வாயு மேலும் கூடி, காலையில் தலைவலி, பிறகு மந்தம், முடிவில் நினைவிழப்பு வரை கொண்டுபோய்விடும். இவருக்கு மூக்குக் குழாய் வழியே நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டரில் 90 விழுக்காடு வந்தது. மறுபடி சோதித்தபோது கரியமில வாயு 54 மட்டுமே. அந்த அளவிலேயே நிறுத்திக்கொண்டோம். 88க்கும் 92க்கும் இடையில் இருந்தால் போதும் என்று மருமகளிடம் எழுதிக் கொடுத்தேன்.

மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலரோடு, நீர் பிரிவதற்கான ஃபுரோசமைடு மாத்திரை 40 மில்லிகிராம் காலையில் தொடங்கினோம். பத்து நாளில் எடை நான்கு கிலோ குறைந்ததும் அதைப் பாதியாக்கினேன். கால் முற்றிலும் வற்ற வேண்டும் என்று இந்த மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவது நான் அடிக்கடி காணும் தவறு. தளர்ந்த வலது அறை, போதுமான இரத்தம் வந்து நிரம்பினால்தான் தள்ளும். அளவுக்கு மேல் நீரை இறக்கினால் தலைசுற்றலும் சிறுநீரகக் குறைவும் வந்து சேரும்.

நுரையீரல் அழுத்தத்தைக் குறைக்க சில்டெனாஃபில் என்ற மாத்திரை இருக்கிறதாமே என்று அவருடைய மகன் தொலைபேசியில் கேட்டார். நுரையீரல் தமனிகளே முதன்மையாக நோயுறும் வேறொரு வகைக்கு அது நல்ல மருந்து. மூச்சுக்குழாய் அடைப்பு நோயில் அதை வழக்கமாகத் தருவதில்லை. காற்றோட்டமில்லாத பகுதிகளின் நாளங்களையும் அது விரித்துவிட்டால், இரத்தம் அங்கே வீணாகப் பாய்ந்து ஆக்ஸிஜன் இன்னும் குறையலாம். நுரையீரல் பாதிப்பின் அளவுக்கு மீறி அழுத்தம் மிக உயர்ந்திருப்பவர்களை இதய வடிகுழாய்ச் சோதனைக்கு அனுப்பித்தான் இதை முடிவு செய்ய வேண்டும். காற்று நிறைந்து உப்பிய நுரையீரலின் ஊடாக எக்கோ கணிக்கும் அழுத்தம் கூடியோ குறைந்தோ தவறக்கூடியது.

வீட்டில் ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் வைப்பதில் மின்கட்டணம்தான் அவர்களைத் தயங்க வைத்தது. 300 வாட் கருவி 16 மணி நேரம் ஓடினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 300 யூனிட்டை நெருங்கும். ஏழைக் குடும்பத்துக்கு இது சிறு தொகையல்ல, அதனால் இதை முதல் நாளிலேயே வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால், முதல் ரசீது வந்ததும் கருவியை இரவில் அணைத்துவிடுகிறார்கள். மின்தடைக்கென்று 1,500 லிட்டர் கொள்ளும் சிலிண்டர் ஒன்றை வாங்கி வைத்தார்கள். அவருடைய அளவில் அது 16 மணி நேரத்துக்கு மேல் வரும். விறகடுப்பு வீட்டுக்கு வெளியே போயிற்று. கேஸ் அடுப்பு உள்ள அறையில்கூட ஆக்ஸிஜன் குழாயோடு நிற்கக் கூடாது என்று சொல்லி, சமையலை மருமகள் ஏற்றுக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து, ஆக்ஸிஜன் இல்லாமல் மறுபடி சோதித்தபோது இரத்தத்தின் ஆக்ஸிஜன் அழுத்தம் 53 இருந்தது. ஆகவே சிகிச்சை தொடர வேண்டியதே. ஹீமோகுளோபின் 15.6க்கு இறங்கியிருந்தது. தடித்த நாளங்கள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. நோய் முன்னேறும் வேகத்தைத் தடுக்க முடியும் என்றே சொன்னேன். இப்போது மருமகள் தினமும் காலையில், அத்தை சிறுநீர் கழித்த பின், ஆகாரத்துக்கு முன் எடை பார்த்து நாட்காட்டியில் குறிக்கிறார்; முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்றும் பார்க்கிறார். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினாலோ, பகலில் வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, சளி பச்சையானாலோ அன்றே அழைக்க வேண்டும் என்பது எங்களுக்குள் உள்ள ஏற்பாடு. தை மாதத்தில் ஒரு முறை அப்படி அழைத்தார். சளித்தொற்று தொடங்கிய இரண்டாம் நாளிலேயே மருந்து கொடுக்க முடிந்ததால், அந்த முறை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.