வேப்பிலை மூட்டமும் மூச்சுக்குழாயும்

"கொசுவுக்குப் போடும் வேப்பிலைப் புகை மருந்துதானே, பிள்ளைக்கு என்ன செய்யும்?" மழை விட்டு வாருகாலில் தண்ணீர் தேங்கும் கார்த்திகையில் நெல்லைப் பக்கத்து வாசகர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. வேம்பில் பூச்சியைத் தடுக்கும் அசாடிராக்டின் கனமான மூலக்கூறு. அது எளிதில் ஆவியாகாது, நெருப்பின் சூட்டில் சிதைந்துவிடும். புகையோடு அந்த மருந்து வருகிறது என்பது வெறும் நம்பிக்கை. புகை கொசுவை விலக்கும், கொல்லாது. புகை கலைந்ததும் கொசு திரும்பிவிடும்.

மூட்டத்தில் கவனிக்கவேண்டியது அது எப்படி எரிகிறது என்பதே. வேப்பிலையோடு போடும் தேங்காய்க் கதம்பையை நெருப்பில் போட்டால் பெரும்பாலும் கொழுந்துவிட்டு எரியாமல் கனன்றுகொண்டே இருக்கும். அதன் நாருக்கு நடுவே இருக்கும் சோறு பஞ்சுபோல நுண்துளைகள் நிறைந்தது. காற்று மெல்ல உள்ளே போகும், சூடு வெளியே போகாது. சுடர் இருந்தால் சிதைவில் வரும் ஆவிகளில் பெரும்பகுதி அதிலேயே எரிந்து தீர்ந்திருக்கும். கனலில் அவை எரியாமலே எழுந்து, காற்றில் குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத தார்த் துளிகளாக உறைகின்றன. அந்த வெள்ளைப் புகையே இதுதான். ஈர வேப்பிலையைப் போட்டால் நீரை ஆவியாக்கவே சூடு செலவாகி, கனல் இன்னும் மந்தமாகி, புகை இன்னும் அடர்த்தியாகும்.

துளிகள் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. பெரிய தூசி மூக்கின் வளைவில் மோதி ஒட்டிக்கொள்ளும். இவை வளைவோடு வளைந்து நுரையீரலின் காற்றறை வரை போய்விடும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். கனலும் சருகு கிலோவுக்குச் சுமார் 10 கிராம் நுண்துகள் தரும் என்று கொண்டால், 50 கிராம் கதம்பை அரை கிராம் தரும். பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி என்றால் 28 கனமீட்டர். அத்தனையும் உள்ளே கலந்தால் கனமீட்டருக்கு ஏறக்குறைய 18,000 மைக்ரோகிராம். காற்றில் நுண்துகளுக்கு நம் நாட்டின் ஒருநாள் சராசரி வரம்பு 60. சன்னல் திறந்து மணிக்கு ஐந்து முறை காற்று மாறினாலும், அரை மணி கழித்து 1,400க்கு மேல் மிஞ்சும். வீசிங் இருக்கும் பிள்ளைக்கு அந்த அரை மணியே இரவு முழுக்க இருமலைக் கிளப்பிவிடும்.

முற்றத்தில் போட்டாலும் முழுத் தீர்வு இல்லை. பொழுது சாய்ந்ததும் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கிடக்கும். புகை மேலே ஏற வழியில்லாமல் தெரு மட்டத்திலேயே பரவி அடுத்த வீட்டுத் திண்ணைக்குள் நுழையும். அதனால் போடத்தான் வேண்டும் என்றால் காய்ந்த சருகாக, கொஞ்சமாக, வாசலுக்குக் காற்று வரும் திசையில் இல்லாமல் போடுங்கள். கொசுவை மட்டும் தடுக்க டேபிள் ஃபேன் போதும்: கொசு பறக்கும் வேகம் வினாடிக்கு ஒரு மீட்டர் அளவுதான், ஃபேன் காற்றை எதிர்த்து வந்து உட்கார அதனால் முடியாது. படுக்கும்போது வலை கட்டுங்கள். டெங்கு பரப்பும் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது, அதற்குப் பொழுது சாய்ந்தபின் போடும் புகை பெரிதாக உதவாது.

புகை நின்றதும் கனல் சட்டியை உள்ளே எடுத்துவைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. புகையில்லாக் கனலும் மணமற்ற கார்பன் மோனாக்சைடைக் கக்கும், அடைத்த அறையில் தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். மேலே சாம்பலைத் தூவினால் கதம்பைச் சோற்றின் நெருப்பு உள்ளே விடியும்வரை உயிரோடிருக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, அடியில் சூடில்லை என்று தெரிந்தபின் கொட்டுங்கள்.