பிறர்வினைப் பொறுப்பு: டெலிவரி வண்டி இடித்தால் முதலாளி எப்போது பதில் சொல்ல வேண்டும்?

'வைக்கேரியஸ் லயபிலிட்டி' என்ற சட்டச் சொல்லைச் சிலர் 'மறைமுகப் பொறுப்பு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. இந்தப் பொறுப்பில் மறைவாக எதுவும் இல்லை. ஒருவர் செய்த தவறுக்கு இன்னொருவர் நேரடியாகவே இழப்பீடு கொடுக்கிறார்.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'விக்காரியுஸ்' என்றால் ஒருவரின் இடத்தில் நிற்பவர். பங்குத்தந்தையைக் குறிக்கும் 'விகார்' என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததுதான். இதை வைத்துத்தான் 'பகரப் பொறுப்பு', 'பதிலிப் பொறுப்பு' என்றும் தமிழாக்குகிறார்கள். பகரம் நல்ல சொல். ஆனால் 'அவருக்குப் பகரமாக இவர்' என்றதும் தவறு செய்தவர் விடுபட்டுவிட்டதாகத் தோன்றுகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வண்டி ஓட்டியவரும் பொறுப்பு, முதலாளியும் பொறுப்பு. அடிபட்டவர் இருவரிடமும் கேட்கலாம். அதனால் என் தேர்வு 'பிறர்வினைப் பொறுப்பு'. யாருடைய வினை, யாருடைய பொறுப்பு என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

சரி, எந்த வினைக்கு? 'வேலை நேரத்தில் செய்த எதற்கும்' என்று நினைப்பதுதான் பெரிய தவறு. சட்டம் பார்ப்பது கடிகாரத்தை அல்ல, வேலைப் போக்கை.

மயிலாப்பூரில் ஒரு மருந்துக் கடை என்று வைத்துக்கொள்வோம். கடைக்குச் சொந்தமான ஸ்கூட்டர், மாதச் சம்பளத்தில் ஒரு பையன். மாலை ஐந்து மணிக்கு மந்தைவெளியில் ஒரு வீட்டுக்கு மாத்திரை கொண்டு போகிறான். லஸ் முனையில் சிக்னல் விழுந்த பிறகும் முறுக்கியதில், சாலையைக் கடந்த ஒரு அம்மாவின் முழங்கால் முறிகிறது. முதலாளி பொறுப்பு. "சிக்னலைத் தாண்டாதே என்று தினமும் சொல்லியிருக்கிறேன்" என்பது அவரைக் காப்பாற்றாது. செய்யச் சொன்ன வேலையைத் தவறான விதத்தில் செய்தாலும் அது அந்த வேலைதான். போட்டி போட்டு ஓட்டக் கூடாது என்று அச்சடித்தே கொடுத்திருந்த ஒரு லண்டன் பஸ் கம்பெனி, 1862-இல் இப்படித்தான் பொறுப்பானது.

இப்போது அதே பையன், அதே ஐந்து மணி. மாத்திரையைக் கொடுத்துவிட்டு, கடைக்குத் திரும்பாமல் நண்பனைப் பார்க்கத் திருவான்மியூருக்குப் போகிறான். அங்கே ஒருவரை இடிக்கிறான். வேலை நேரம் முடியவில்லை, வண்டியும் கடையுடையது. ஆனாலும் பயணம் அவனுடைய சொந்தப் பயணம். அப்போது பிறர்வினைப் பொறுப்பைக் கடை மறுக்க முடியும். இந்தக் கோட்டைப் போட்டதே நடந்து போன ஒருவரின் வழக்குதான்: 1834-இல் லண்டனில் சாலையைக் கடந்தவரைக் குதிரை வண்டி இடித்து எலும்பு முறிந்தது. முதலாளியின் வேலையாகப் போகும்போது கொஞ்சம் சுற்றிப் போனாலும் அவர் பொறுப்பு. வேலையை விட்டுத் தன் போக்கில் போனால் இல்லை என்றார் நீதிபதி பார்க். வழியில் டீக்கு நிறுத்தியது எந்தப் பக்கம் விழும் என்பது எவ்வளவு தூரம் விலகினான், எதற்காக விலகினான் என்பதைப் பொறுத்தது.

செயலி வழியாகச் சாப்பாடு கொண்டு வருபவரின் நிலை வேறு. வண்டி அவருடையது, ஒப்பந்தமோ அவரைத் தொழிலாளி என்று சொல்லாது, 'பார்ட்னர்' என்று சொல்லும். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் கிக் தொழிலாளரை, வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே உழைப்பவர் என்றே வரையறுக்கிறது. அதற்காகப் பெயர்ப்பலகையோடு நீதிமன்றம் நின்றுவிட வேண்டும் என்பதில்லை. வேலையை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது நம் உச்ச நீதிமன்றம் 1950-கள் முதல் கையாளும் அளவுகோல். பின்னால் வேறு அளவுகோல்களும் சேர்ந்தன. கூலியை நிர்ணயிப்பதும், தாமதித்தால் தண்டிப்பதும், கணக்கை முடக்குவதும் நிறுவனமே என்றால், அது முதலாளி இல்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

சென்னையில் இந்த இழப்பீட்டு மனுவை எம்.சி.ஓ.பி. என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் போடும் அதில் ஓட்டுநர், வண்டி உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் மூவரும் எதிர்மனுதாரர்களாக வருவது வழக்கம். கடை ஸ்கூட்டர் என்றால் உரிமையாளர் என்ற முறையில் கடைக்காரர் தானாகவே உள்ளே வந்துவிடுவார். சொந்த வண்டிக்காரர் என்றால் ஆர்.சி. புத்தகத்தில் அவர் பெயர்தான் இருக்கும்; நிறுவனத்தின் பெயர் எங்கும் இராது. அதை உள்ளே கொண்டுவர, மோதிய நிமிடத்தில் அவர் ஆர்டரில் இருந்தார் என்று முதலில் காட்ட வேண்டும். முதல் தகவல் அறிக்கையில் வண்டி எண் இருக்கும், ஆர்டர் எண் அனேகமாக இருக்காது. ஆகவே அடிபட்டவரின் வீட்டார் அன்றே பையில் இருந்த பொட்டலத்தின் பில்லைப் படமெடுத்து, அதை எதிர்பார்த்துக் காத்திருந்த வாடிக்கையாளர் யார் என்றும் குறித்துவைக்க வேண்டும்.