நல்ல லாண்ட்மாஸ்டர் ஏன் விலைக்கு வருவதில்லை?

கிளிநொச்சியிலோ நெடுங்கேணியிலோ பழைய லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் ஒன்று வாங்கப் போகிறவர் மனதில் ஒரு கேள்வி கட்டாயம் எழும்: "நல்ல மெஷின் என்றால் இவர் ஏன் விற்கிறார்?" இது வெறும் சந்தேகப் புத்தி இல்லை. பழைய பொருள்களின் சந்தை எப்படிக் கெட்டுப்போகிறது என்பதற்கான விளக்கம் இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது தெளிவாகத் தெரியும்.

ஒரு ஊரில் ஐந்து பேரிடம் லாண்ட்மாஸ்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியில் பார்க்க ஐந்தும் ஒரே மாதிரி. உள்ளே தரம் வேறு வேறு. எது எண்ணெய் குடிக்கிறது, எதன் கியர் பெட்டி இரண்டு தரம் கழற்றப்பட்டது என்பதெல்லாம் வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும். அவரவர் மெஷின் அவரவருக்கு முறையே 1, 2, 3, 4, 5 லட்சம் ரூபாய் பெறும். அதற்குக் குறைந்தால் கொடுக்கமாட்டார்கள். வாங்க நிற்பவர்களுக்கு வயல் உழ மெஷின் உடனே வேண்டும். ஆகவே அவர்களுக்கு ஒவ்வொன்றும் உடையவர் மதிப்பைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடப் பெறும்: 1.2, 2.4, 3.6, 4.8, 6 லட்சம். எந்த மெஷின் கைமாறினாலும் இரு பக்கத்துக்கும் ஆதாயம்தான். ஐந்தும் விற்றுப்போக வேண்டும்.

ஆனால் வாங்குபவருக்கு எது எது என்று தெரியாது. அவர் சராசரியைத்தான் கொடுக்க முடியும். ஐந்தின் சராசரி 3.6 லட்சம். அந்த விலையைக் கேட்டதும் 4 லட்சக்காரரும் 5 லட்சக்காரரும் "எனக்குக் கட்டாது" என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். மிச்சம் மூன்று மெஷின்கள். அவை வாங்குபவருக்குச் சராசரியாக 2.4 லட்சம்தான் பெறும். இரண்டு பேர் விலகியதை அவர் கண்டதும் அந்தத் தொகைக்குத்தான் கேட்பார். உடனே 3 லட்சக்காரரும் விலகுவார். மிச்ச இரண்டின் சராசரி 1.8 லட்சம். 2 லட்சக்காரரும் போய்விடுவார். கடைசியில் சந்தையில் நிற்பது ஐந்திலும் மோசமான அந்த ஒன்று. அது 1 லட்சத்துக்கும் 1.2 லட்சத்துக்கும் இடையில் ஒரு விலைக்குப் போகும். நான்கு நல்ல பேரங்கள் நடக்கவேயில்லை. மூன்று லட்சம் ரூபாய் ஆதாயம் வந்திருக்க வேண்டிய ஊருக்கு இருபதாயிரம்தான் கிடைத்தது.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். 5 லட்சக்காரர் நேர்மையானவர். "இது நல்ல மெஷின்" என்று அவர் உண்மையைத்தான் சொன்னார். ஆனால் 1 லட்சக்காரரும் அதே வசனத்தைச் சொல்லலாம் என்பதால் அவருடைய சொல்லுக்கு விலை இல்லாமல் போய்விட்டது.

ஜார்ஜ் அகெர்லோஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் சொன்னது. வாங்கிய பின் பழுது தெரியவரும் காரை அமெரிக்கப் பேச்சில் எலுமிச்சை என்பார்கள். அதனால் இதற்கு எலுமிச்சைச் சிக்கல் என்று பெயர் வந்தது. மூன்று ஆய்விதழ்கள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. அந்த ஆய்வுக்காகவே 2001இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு, மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் சேர்த்து, கிடைத்தது. தரம் குறைந்தவையே சந்தையில் வந்து சேரும் இந்தப் போக்குக்குப் பாதகத் தெரிவு என்று பெயர்.

பலர் தவறவிடும் ஒரு நுட்பம் இதில் இருக்கிறது. சந்தையைக் கெடுப்பது அறியாமை இல்லை, ஒரு பக்கம் மட்டும் அறிந்திருப்பது. 2009க்குப் பிறகு வன்னிக்குத் திரும்பியவர்கள் இதை வேறு கோணத்தில் கண்டிருப்பார்கள். முள்ளிவாய்க்கால் பக்கம் கைவிடப்பட்டுக் கிடந்த வாகனங்களில் மீண்டவை பல கைகள் மாறின. அப்படிப்பட்ட மெஷினின் பூர்வீகம் வாங்குபவருக்கும் தெரியாது, சில வேளை விற்பவருக்கும் தெரியாது. இரு பக்கமும் தெரியாவிட்டால் மேலே சொன்ன சரிவு நடக்காது. விற்பவரும் தன் மெஷினைச் சராசரியாக 3 லட்சம் என்றுதான் மதிப்பார், வாங்குபவர் 3.6 கொடுப்பார், பேரம் முடிந்துவிடும். அதே மெஷினை விற்பவர் நான்கு போகம் ஓட்டிப் பார்த்த பிறகு விற்க வந்தால்தான் கதை மாறும்.

சரிவு எப்போதும் அடிவரை போகும் என்றும் இல்லை. வாங்குபவரின் தேவை கூடினால் அது நடுவில் நின்றுவிடும். காலபோக விதைப்புக்கு முன், மழை இருட்டிக்கொண்டு வரும் நேரம், வாங்குபவருக்கு ஒவ்வொரு மெஷினும் உடையவர் மதிப்பைப் போல ஒன்றரை மடங்கு பெறும் என்று வையுங்கள். முதல் சராசரி 4.5 லட்சம். 5 லட்சக்காரர் விலகுவார். அடுத்த சராசரி 3.75. 4 லட்சக்காரர் விலகுவார். அடுத்தது சரியாக 3 லட்சம். 3 லட்சக்காரருக்கு அது மட்டுமட்டாகக் கட்டும், அவர் நிற்பார். மூன்று மெஷின்கள் விற்கும். ஆனாலும் மிக நல்ல இரண்டு வெளியேதான். தேவை கூடினாலும், யாராவது விலகினால் முதலில் விலகுவது உச்சத்தில் இருப்பதுதான்.

அப்படியானால் 5 லட்சக்காரர் என்ன செய்யலாம்? மோசமான மெஷின்காரரால் செய்ய முடியாத ஒன்றைச் செய்ய வேண்டும். புதுப் பெயின்ட் அடிப்பது பயனில்லை, அது யாருக்கும் ஒரே செலவு. "கொண்டுபோய் ரெண்டு ஏக்கர் உழுது பார், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொண்டுவா" என்று கொடுப்பது வேறு விஷயம். நல்ல மெஷின்காரருக்கு இதில் நட்டம் மிகக் குறைவு. கெட்ட மெஷின்காரருக்கு மெஷின் திரும்பி வரும், ஊரிலும் பெயர் கெடும். அதனால் அவர் அந்த வார்த்தையைச் சொல்லத் துணியமாட்டார். உத்தரவாதம் என்பதன் பலம் பழுது பார்த்துத் தருவதில் மட்டும் இல்லை. அதைக் கொடுக்கத் துணிபவர் யார் என்பதிலும் இருக்கிறது.

வாங்குபவரின் பக்கத்து வழி, தெரியாததைத் தெரிந்துகொள்வது. அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்டார்ட் செய்ய முன்னமே எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால், ஆள் வர முன்னர் யாரோ ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுவதை மறைக்க அது வழக்கமான தந்திரம். பிறகு கைப்பிடியை மெல்லச் சுற்றிப் பார்ப்பார். அமுக்கத்தின் எதிர்ப்பு கையில் உறைக்காவிட்டால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு தேய்ந்திருக்கலாம். ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தாலும், சைலன்சரில் நீலப் புகை விடாமல் வந்தாலும் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மெக்கானிக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய் உண்மையில் அந்தச் சராசரி விலையிலிருந்து தப்புவதற்கான கட்டணம்.

இனி காப்புறுதிக்கு வருவோம். இங்கே தெரியாதவர் விற்பவர், தெரிந்தவர் வாங்குபவர். அதனால் விலை கீழே சரியாமல் மேலே ஏறும்.

ஒரு குளத்தின் கீழே ஐந்து கமக்காரர்கள். வாய்க்கால் தலைப்பில் வயல் உள்ளவருக்குத் தண்ணீர் தவறாது. கடைக்காணிக்காரருக்குக் கடைசி நனைப்பு கிடைப்பதே சந்தேகம். வான் பாயும் பள்ளத்தில் வயல் உள்ளவருக்கு வெள்ளம். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வந்த வெள்ளம் எந்தக் காணிகளை மூடும் என்பது அந்தக் காணிக்காரர்களுக்குப் புதிதாக இருந்திருக்காது. ஒரு போகத்தில் ஏக்கருக்கு எதிர்பார்க்கக்கூடிய நட்டம், தலைப்பிலிருந்து பள்ளம் வரை, இந்த ஐவருக்கும் முறையே 1000, 2000, 3000, 4000, 5000 ரூபாய் என்று கணக்குக்காக வைப்போம். நிம்மதிக்காக ஒவ்வொருவரும் ஐந்தில் ஒரு பங்கு கூடக் கொடுக்கத் தயார்.

காப்புறுதிக்காரர் சராசரியாக 3000 ரூபாய் கட்டுப்பணம் கேட்கிறார். முதல் இருவரும் 1200, 2400க்கு மேல் கொடுக்கமாட்டார்கள், சேரவில்லை. சேர்ந்த மூவரின் சராசரி நட்டம் 4000. ஆளுக்கு 3000 வாங்கி 4000 கொடுத்தால் நட்டம்தான். அடுத்த போகம் கட்டுப்பணம் 4000 ஆகிறது. 3600 வரை மட்டும் கொடுக்கக்கூடிய நடுவயல்காரர் விலகுகிறார். மிச்ச இருவருக்கும் 4500. நான்காமவர் 4800 வரை கொடுப்பார் என்பதால் அங்கே சரிவு நிற்கிறது. ஆனால் வயல் பார்க்க ஆள் அனுப்ப, கோப்பு எழுத என்று ஆளுக்கு 500 ரூபாய் சேர்ந்தால் கட்டுப்பணம் 5000 ஆகி அவரும் போய்விடுவார். இவ்வளவும் வயலின் நிலையைக் கமக்காரர் முன்கூட்டியே அறிந்திருப்பதால் வருவது. காப்புறுதி எடுத்த பிறகு வரம்பு கட்டாமல் அசட்டையாக இருப்பது வேறொரு சிக்கல், இதோடு குழப்பக்கூடாது.

இது கணக்கில் மட்டும் நடப்பதில்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1995இல் தன் ஊழியர்களின் மருத்துவக் காப்புறுதிக்கு எந்தத் திட்டமானாலும் ஒரே தொகையைத்தான் தருவது என்று மாற்றியது. தாராளமான, விலை கூடிய திட்டத்துக்கு ஊழியர் கையிலிருந்து போடும் காசு கூடியது. இளமையும் உடல்நலமும் உள்ளவர்கள் மலிவான திட்டங்களுக்கு மாறினார்கள். நின்றவர்களின் செலவு கூட, கட்டுப்பணமும் ஏறியது. மூன்று ஆண்டுக்குள் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது.

எல்லாக் காப்புறுதியிலும் இது நடக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. காப்புறுதிக்காரருக்குத் தெரிந்த விவரங்கள் எல்லாம் ஒன்றாக இருப்பவர்களில், கூடுதல் காப்பு எடுத்தவர்கள் கூடுதலாக நட்டஈடு கேட்கிறார்களா? சியப்போரி, சலானியே என்ற இரண்டு பொருளியலாளர்கள் பிரான்சில் புதிதாக ஓட்டத் தொடங்கிய இளம் சாரதிகளிடம் இதைப் பார்த்து 2000இல் வெளியிட்டார்கள். அப்படித் தொடர்பு எதுவும் தெரியவில்லை. புதிதாக ஓட்டுபவருக்குத் தன் ஆபத்து எவ்வளவு என்று தனக்கே தெரியாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். நாற்பது போகம் ஒரே வயலைச் செய்தவரின் நிலை அப்படி இல்லை.

சரி, வயலுக்கு என்ன வழி? எல்லோரையும் கட்டாயம் சேர்க்கலாம். சரிவு நின்றுவிடும், ஆனால் தலைப்பு வயல்காரர் 1000 ரூபாய் ஆபத்துக்கு 3000 கட்டுவார். அவர் முணுமுணுப்பது நியாயமே. இன்னொரு வழி, வயலைப் பார்க்காமல் மழைமானியைப் பார்த்து நட்டஈடு கொடுப்பது. குறித்த நாட்களில் மழை குறித்த அளவுக்குக் குறைந்தால் எல்லோருக்கும் ஒரே தொகை. மழையைப் பற்றி எந்தக் கமக்காரரும் மறைத்து வைக்க எதுவும் இல்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். வடகீழ்ப் பருவமழை தொடங்க முன்னமே சேர்க்கையை மூடிவிட வேண்டும். வானத்தைப் பார்த்துவிட்டுச் சேரவிட்டால் பாதகத் தெரிவு பின்வாசலால் வந்துவிடும். இந்த முறையின் குறை வேறு: மானி நிற்கும் இடத்தில் நல்ல மழை பெய்து, குளமும் நிறைந்து, ஆனால் வாய்க்கால் உடைந்து கடைக்காணி காய்ந்தால் அந்தக் கமக்காரருக்கு ஒரு சதமும் கிடைக்காது. அவர் அடுத்த போகம் சேரமாட்டார்.